ஒரு தகர டப்பா மருந்தும் ஐந்து வழிகளும்

மாமனார் காலமாகி முப்பதாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அவருடைய மருந்து டப்பாவைத் திறந்தோம். பழைய பிஸ்கட் தகர டப்பா. சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் 19 அட்டை, ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் 11 அட்டை. எல்லாம் மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து கொடுத்தவை. அந்தத் திட்டத்தை 2021 ஆகஸ்டில் தொடங்கி வைத்ததே பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். மாத்திரை தவறாமல் வந்தது, மனுஷன்தான் தவறித் தவறிச் சாப்பிட்டிருக்கிறார். அதோடு பேரனுக்கு வாங்கிய ஆன்டிபயாடிக் சிரப் அரை பாட்டில், இடுப்பு வலிக்குக் கொடுத்த டிராமடால் 7 மாத்திரை, இன்சுலின் பேனா இரண்டு, கழற்றிப் போட்ட ஊசிகள், இழுப்பு மருந்து ஒன்று.

"அடுப்புல போட்டு எரிச்சிடும்மா, வீட்ல வெச்சிருக்க வேணாம்" என்றார் அத்தை. பாலக்கோடு பக்கம் எங்கள் ஊரில் எல்லோரும் செய்வது அதுதான். ஆனால் அட்டையின் முன்பக்கம் இருப்பது பெரும்பாலும் பி.வி.சி. பிளாஸ்டிக். அதில் குளோரின் இருக்கிறது. அடுப்புச் சூட்டில் அரைகுறையாக எரியும்போது டயாக்சின் மாதிரியான நச்சு உண்டாகும். மருந்தைச் சரியாக எரிக்கக் குறைந்தது 850 டிகிரி செல்சியஸில் எரியும் உலை வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். புற்றுநோய் மருந்துகளுக்கு 1200 டிகிரிக்கு மேல். நம் விறகடுப்பில் அந்தச் சூடு நிலையாக நிற்காது. மேலும் அந்தச் சாம்பலைத்தான் அத்தை பாத்திரம் துலக்க எடுப்பார், மிச்சத்தைத் தென்னைக்குப் போடுவார். இழுப்பு மருந்து குப்பியோ நெருப்பில் வெடிக்கும். எரிப்பதை அங்கேயே தள்ளிவிட்டேன்.

புதைப்பது அடுத்த யோசனை. களிமண் ஆழமாக இருக்கும் ஊரில் இதற்குக் கொஞ்சமாவது வாதம் உண்டு. எங்கள் பக்கம் இரண்டு அடி தோண்டினால் கடப்பாரை 'ணங்' என்கிறது. கீழே பாறை, பாறையில் வெடிப்பு, நிலத்தடி நீர் ஓடுவதே அந்த வெடிப்பில்தான். மேலே மெல்லிய மண் வடிகட்டுவதற்குள் தண்ணீர் வெடிப்பில் இறங்கிவிடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தபிறகும் மாட்டுக்கும் புழக்கத்துக்கும் போர் தண்ணீர்தான். அதுபோக, புதைத்ததை நாய் தோண்டும்.

மூன்றாவது, கழிவறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றுவது. இதில்தான் குழப்பம் அதிகம். மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பே 2025 மே மாதம் 17 மருந்துகளைப் பட்டியலிட்டு, இவற்றைக் கழிவறையில் கொட்டி அப்புறப்படுத்தச் சொன்னது. மார்ஃபின், ஃபென்டனில், டயஸெபாம் வரிசையில் டிராமடாலும் உண்டு. "அப்போ எல்லாத்தையும் கொட்டலாமே" என்று கொழுந்தன் கேட்டார். இல்லை. வீட்டில் ஒரு குழந்தையோ போதைக்குத் தேடுபவரோ எடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம் என்கிற மருந்துகள் அவை. அந்த ஆபத்துக்கு முன்னால் தண்ணீரில் கொஞ்சம் கலப்பது சிறியது என்ற கணக்கில் போட்ட பட்டியல் அது. பட்டியலில் இல்லாத மருந்துக்கு அந்தக் கணக்கு செல்லாது.

அதோடு எங்கள் ஊரில் பாதாளச் சாக்கடை இல்லை. கழிவறைத் தண்ணீர் வீட்டுக்குப் பின்னால் உறைக்குழியில் இறங்கி மண்ணில் ஊறுகிறது. குழியில் கழிவை மக்கச் செய்வது பாக்டீரியாதான். ஆன்டிபயாடிக் சிரப்பை அங்கே ஊற்றினால் வேலைக்காரர்களுக்கே விஷம் வைத்த மாதிரி. அங்கே பிழைத்து நிற்கும் கிருமிகள் மருந்துக்கு அசராதவையாகப் பெருகும் வாய்ப்பும் உண்டு. மெட்ஃபார்மின் வேறு கதை. அது உடம்பில் உடையாமல் சிறுநீரிலேயே அப்படியே வெளியேறும் மருந்து. கழிவுநீரில் ஏற்கெனவே அது நிறைய இருக்கிறது, நாம் 190 மாத்திரையைக் கூடச் சேர்க்க வேண்டியதில்லை.

நான்காவது, எதனுடனாவது கலந்து கட்டிக் குப்பையில் போடுவது. அமெரிக்க மருந்து நிர்வாகம் சொல்லும் முறை இது: மாத்திரையை நொறுக்காமல், யாரும் வாயில் வைக்க முடியாத ஒன்றோடு கலந்து, மூடிய பையில் போட்டுக் குப்பையில் சேர்க்க வேண்டும். அவர்கள் காபித்தூள் சக்கை, பூனைக் கழிவு மணல் என்கிறார்கள். இங்கே அடுப்புச் சாம்பலும் மண்ணும் போதும். பழைய சோற்றோடு மட்டும் கலக்காதீர்கள். குப்பைமேட்டில் மேயும் மாடு பையோடு விழுங்கிவிடும். சாணியில் கலந்தாலும் சரி, அது எருக்குழிக்குப் போய்விடாமல் பார்க்க வேண்டும். சிரப்பை நேராகச் சாம்பலில் ஊற்றிக் கெட்டியாக்கிவிடலாம். இது மருந்தை மறைக்கும், அழிக்காது. பை கடைசியில் திறந்த குப்பைக் கிடங்குக்குப் போனால் மழையில் கரைந்து இறங்கத்தான் செய்யும்.

ஐந்தாவது, திருப்பிக் கொடுப்பது. மருந்துக்கடையில் கேட்டேன். கடைக்காரர் சிரித்துவிட்டார். அவர் மொத்த விற்பனையாளருக்குத் திருப்பி அனுப்புவது தன் சொந்த இருப்பைத்தான். நம் வீட்டு அட்டையை யார் கணக்கில் எழுதுவார்? கேரளத்தில் 2025-இல் கோழிக்கோட்டிலும் உள்ளியேரி ஊராட்சியிலும் வீட்டு மருந்தைச் சேகரித்து எரியுலைக்கு அனுப்பத் தொடங்கினார்கள். அது இங்கே இருந்தால் இந்தக் கட்டுரையே வேண்டாம். ஆனால் ஆஸ்பத்திரிகளில் காலாவதி மருந்துக்கு மஞ்சள் பை உண்டு, அது எரியுலைக்குத்தான் போகும். வீட்டிலிருந்து வருவதை அவர்கள் வாங்கியே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை, கேட்டால் வாங்குபவர்கள் உண்டு. அரசு மருத்துவமனை மருந்தாளுநர் முதலில் தயங்கினார். "அட்டையோட கொண்டு வாங்க, பேர் தெரியணும். தனியா உதிர்த்துட்டா எனக்கு என்ன மருந்துன்னே தெரியாது" என்றார். வெளிக்காகிதப் பெட்டியையும் நோயாளி பெயர் எழுதிய சீட்டையும் மட்டும் எடுத்துவிட்டு, அட்டை அட்டையாக ஒரு பையில் போட்டுப் போனேன். வாங்கிக்கொண்டார்.

ஊசிகளைக் காலி பினாயில் பாட்டிலில் போட்டு, மூடியைத் திருகி டேப் சுற்றி, 'ஊசி' என்று எழுதித் தனியாகக் கொடுத்தேன். பிளாஸ்டிக் பையில் ஊசி போட்டால் குத்துப்படுவது தூய்மைக் காவலர் கைதான். வீட்டுக் காலாவதி மருந்தையும் ஊசியையும் 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் 'வீட்டு அபாயக் கழிவு' என்றே தனியாக வகைப்படுத்தின. ஆஸ்பத்திரி வாங்காவிட்டால், சாம்பல் கலந்த பையை மட்கும் குப்பையோடு சேர்க்காமல், இன்னது என்று சொல்லித் தூய்மைக் காவலர் கையில் தனியாகக் கொடுப்பதே அடுத்தபடி.

டிராமடால்? ஆஸ்பத்திரிக்குப் போக இரண்டு நாளாகும் என்று பீரோவில் பூட்டி வைத்தேன், பையோடு அதுவும் போனது. வீட்டில் பூட்டு இல்லை, பிள்ளைகள் ஓடியாடுகிறார்கள், ஆஸ்பத்திரியும் தூரம் என்றால், அந்த ஏழு மாத்திரையை மட்டும் கழிவறையில் கொட்டச் சொல்வேன், உறைக்குழியாக இருந்தாலும்.

இழுப்பு மருந்தையும் மருந்தாளுநரே எடுத்துக்கொண்டார். காலி டப்பாவை அத்தை வெயிலில் காயவைத்து, புளி போட்டு வைத்திருக்கிறார். அதற்கு முன் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவச் சொன்னேன், கழுவினாரா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.