மாட்யூல் 1-ஆ, 5 மி.மீ. பிட்ச்சா: 200 மி.மீ. நகரும் தட்டுக்கு எது சரி?

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன பேக்கிங் மெஷினுக்கு 200 மி.மீ. முன்னும் பின்னும் நகரும் தட்டு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பல் வெட்டிய நீளச் சட்டமான ரேக், அதன்மேல் உருளும் சின்னப் பல்சக்கரமான பினியன் என்று முடிவாகிவிட்டது. மாட்யூல் 1 எடுப்பதா, பல்லுக்குப் பல் சரியாக 5 மி.மீ. பிட்ச் உள்ளதை எடுப்பதா என்பதுதான் கேள்வி. இரண்டிலும் பினியனுக்கு 20 பல்.

பிட்ச் என்பது மாட்யூலை π-ஆல் பெருக்கினால் வருவது. மாட்யூல் 1-க்கு 3.1416 மி.மீ., ஒரு சுற்றுக்கு 62.83 மி.மீ. நகரும். 5 மி.மீ. பிட்ச்சில் ஒரு சுற்றுக்கு 100 மி.மீ., அதாவது இரண்டே சுற்றில் வேலை முடியும். கையால் சுற்றும் சக்கரத்தில் அளவுக்கோடு போட்டுப் பார்ப்பவருக்கு இது பெரிய வசதி, அங்கே நான் தயங்காமல் 5 மி.மீ. பிட்ச்தான் சொல்வேன்.

ஸ்டெப்பர் மோட்டார் என்றால் அந்த வசதிக்கு மதிப்பில்லை. ஒரு மி.மீ.-க்கு எத்தனை ஸ்டெப் என்பதை கன்ட்ரோலரில் தசமத்தில் கொடுத்துவிடலாம். அங்கே பார்க்க வேண்டியது தள்ளும் விசை. மோட்டார் 0.3 நியூட்டன் மீட்டர் தந்தால், மாட்யூல் 1 பினியனின் ஆரம் 10 மி.மீ. என்பதால் 30 நியூட்டன், ஏறக்குறைய 3 கிலோ தள்ளும். மற்றதின் ஆரம் 15.9 மி.மீ., தள்ளுவது 19 நியூட்டன்தான். அதனால் இந்தத் தட்டுக்கு மாட்யூல் 1. அதற்கான கட்டரும் லேத் பட்டறைகளில் எளிதாகக் கிடைக்கும்.

ரேக்கை 200 மி.மீ.-க்கே வெட்டிவிடாதீர்கள். இரு கோடியிலும் மும்மூன்று பல் கூடுதலாக விட்டால் 219 மி.மீ. வரும், 70 பல் என்று சொல்லி வாங்குங்கள். திருகு போடும் இடம் தனி.

கடையில் பழைய ரேக் எடுத்தால் ஒரு எச்சரிக்கை: மாட்யூல் 1.5-ம் 5 மி.மீ. பிட்ச்சும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஒரு பல்லின் பக்கத்திலிருந்து பத்துப் பல் தள்ளி அதே பக்கம் வரை வெர்னியரில் அளந்து பாருங்கள். 47.1 மி.மீ. வந்தால் மாட்யூல் 1.5, சரியாக 50 வந்தால் பிட்ச் 5. இரண்டையும் கலந்து மாட்டினால் ஓட்டம் கரகரக்கும், இடையிடையே பிடிக்கும்.

மாட்டும்போது பினியன் மையம் ரேக்கின் பிட்ச் கோட்டுக்கு மேல் 10 மி.மீ.-இல் இருக்க வேண்டும். அந்தக் கோடு பல் நுனியிலிருந்து 1 மி.மீ. கீழே. மோட்டார் பிளேட்டில் நீளத்துளை போட்டு 0.1 மி.மீ. தூக்கி வையுங்கள், 0.07 மி.மீ. அளவு ப்ளே கிடைக்கும். அப்புறம் மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்காமல் தட்டைக் கையால் தள்ளிப் பாருங்கள். ஒவ்வொரு 63 மி.மீ.-க்கும் ஒரு தடவை இறுகினால் பினியனின் துளை மையம் விலகியிருக்கிறது, ஒரு கோடியில் மட்டும் இறுகினால் ரேக் சாய்வாக மாட்டப்பட்டிருக்கிறது.