நடை சரியில்லாத மொழிபெயர்ப்பைத் திருத்த மூன்று வழிகள்: தேக்கா வீட்டுக் குறிப்பை வைத்து ஓர் அலசல்

சிங்கப்பூரில் அறிவிப்புப் பலகை, கையேடு, கண்காட்சிக் குறிப்பு என்று எதை எடுத்தாலும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் முதலில் எழுதுகிறார்கள். தமிழ் கடைசியில் வந்து சேரும். சொல்லுக்குச் சொல் போட்ட அந்தத் தமிழைத் திருத்தித் தரும் வேலை நம்மில் பலருக்கும் வருகிறது. திருத்துபவர்கள் மூன்று வழிகளில் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறார்கள். மூன்றையும் ஒரே பத்தியில் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

தேக்கா என்று நாம் சொல்லும் லிட்டில் இந்தியாவில், கெர்பாவ் ரோட்டில் பல வண்ணங்களில் நிற்கிறதே டான் டெங் நியா வீடு, அதைப் பற்றிய குறிப்பு இது. நேரடி மொழிபெயர்ப்பு இப்படி வருகிறது:

“1900 இல் கட்டப்பட்ட, டான் டெங் நியாவின் வீடு லிட்டில் இந்தியாவில் கடைசியாக உயிர்பிழைத்திருக்கும் சீன வில்லாக்களில் ஒன்றாகும். சிராங்கூன் சாலை நெடுகிலும் பல இனிப்பு தயாரிப்பு தொழிற்சாலைகளை நடத்திய ஒரு முக்கிய சீன வணிகரால் முதலில் சொந்தமாக்கப்பட்ட இது, 1980களில் மீட்டெடுக்கப்பட்டது மற்றும் எட்டு அறைகளைப் பெருமைப்படுத்துகிறது, பார்வையாளர்களுக்குக் கடந்த காலத்தின் செழுமையான திரைச்சீலைக்குள் ஒரு பார்வையை வழங்குகிறது.”

இதை எங்கள் புளோக்கில் இருக்கும் அக்கா ஒருவரிடம் வாசித்துக் காட்டினேன். “ஏன் தம்பி, வீட்டுக்கு உடம்பு சரியில்லாம போய்ப் பிழைச்சிருச்சா?” என்றார். அறைகளைப் பற்றிய இடம் வருவதற்குள் அவருக்கு யார் எதை நடத்தினார் என்பதே மறந்துவிட்டது.

முதல் வழி, சொல்லை மட்டும் மாற்றுவது. உறுத்துகிற சொல்லைத் தேடிப் பிடித்து வேறு சொல் வைப்பார்கள். “உயிர்பிழைத்திருக்கும்” என்பது “எஞ்சியிருக்கும்” ஆகிறது. “மீட்டெடுக்கப்பட்டது” என்பது “புதுப்பிக்கப்பட்டது” ஆகிறது. திரைச்சீலை போய்விடுகிறது. பெருமைப்படுத்துவது “கொண்டுள்ளது” என்று அடங்குகிறது. பத்து நிமிட வேலை. பிழை என்று யாரும் சுட்டிக்காட்ட முடியாது. ஆனால் வாசித்தால் இன்னும் மொழிபெயர்ப்பு வாடைதான் அடிக்கும்: “சிராங்கூன் சாலை நெடுகிலும் பல இனிப்புத் தொழிற்சாலைகளை நடத்திய பிரபல சீன வணிகருக்குச் சொந்தமாக இருந்த இது, 1980களில் புதுப்பிக்கப்பட்டது.” இதில் தப்பான சொல் ஒன்றுகூட இல்லை. சிக்கல் மூட்டுகளில் இருக்கிறது. ஆங்கிலத்தில் விவரம் பெயருக்குப் பின்னால் வரும். படிப்பவர் ஆளை முதலில் பார்த்துவிடுவார். தமிழில் அதே விவரத்தைப் பெயரெச்சமாக்கி முன்னால் அடுக்கினால், சாலை, தொழிற்சாலை, வணிகர் என்று எல்லாவற்றையும் சுமந்துகொண்டே “இது” வரும் வரை காத்திருக்க வேண்டும். வந்ததும் எது “இது” என்று மேலே பார்க்க வேண்டும்.

இரண்டாவது வழி, வாக்கியத்தை உடைத்துத் தமிழ் வரிசையில் அடுக்குவது. என் ஓட்டு இதற்குத்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முதலில் பத்தியில் இருக்கும் தகவல்களைத் தனித்தனியாக எழுதிக்கொள்ள வேண்டும்: கட்டிய ஆண்டு, உரிமையாளர், அவர் தொழில், தொழில் நடந்த இடம், எட்டு அறைகள், எஞ்சிய சிலவற்றில் ஒன்று என்பது, 1980களின் புதுப்பிப்பு. திரைச்சீலை வரியில் தகவலே இல்லை, அதனால் அது பட்டியலில் வராது. பிறகு ஒரு பெயருக்கு முன்னால் ஒரு நீளமான பெயரெச்சத்துக்கு மேல் வைக்காமல் எழுத வேண்டும்:

“டான் டெங் நியா பெரிய சீன வணிகர். சிராங்கூன் சாலையில் பல மிட்டாய்த் தொழிற்சாலைகளை நடத்தியவர். அவருக்குச் சொந்தமாக இருந்த இந்த வீடு 1900ல் கட்டியது. மொத்தம் எட்டு அறைகள். லிட்டில் இந்தியாவில் இருந்த சீன மாளிகைகளில் இன்றும் நிற்பவை மிகச் சில. அவற்றில் இது ஒன்று. 1980களில் இதைப் புதுப்பித்தார்கள்.”

“கட்டப்பட்ட” எங்கே போனது என்று கேட்கலாம். கட்டியவர் யார் என்று சொல்லாமலே “கட்டியது” என்று தமிழில் சொல்லிவிட முடியும். வீடு தானே கட்டிக்கொண்டது என்று யாரும் நினைக்க மாட்டார்கள். “படு” சேர்த்த வினை அரசாங்கக் கடிதத்துக்குப் பொருந்தும், தெருவில் நின்று படிக்கும் பலகைக்குக் கனம். இரண்டு வினைகளுக்கு நடுவே நின்ற “மற்றும்” போய்விட்டது. முற்றுப்புள்ளியே போதுமானதாக இருந்தது. வேறிடங்களில் “புதுப்பித்து, வண்ணம் பூசி” என்று வினையெச்சம் அந்த வேலையைச் செய்யும். “ஒரு முக்கிய சீன வணிகர்” என்பதில் இருந்த “ஒரு”வும் தேவையில்லை. நான்கு மொழிப் பலகையில் இடத்துக்கு அடித்துக்கொள்ளும் மொழி தமிழ்தான். இந்த மாதிரி உதிரிகள் போனாலே ஓரிரண்டு வரி மிச்சமாகும்.

இந்த வழிக்கும் குறை உண்டு. சின்னச் சின்ன வாக்கியங்கள் அடுத்தடுத்து வந்தால் பள்ளிப் பாடம் மாதிரி தொனிக்கும். மேலே உள்ளதில் “மொத்தம் எட்டு அறைகள்” கொஞ்சம் அப்படித்தான் இருக்கிறது. வாய்விட்டு வாசித்தால் எங்கே இரண்டை ஒன்றாக்கலாம் என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது வழி, மூலத்தை ஒரு தடவை படித்துவிட்டு மூடி வைத்து, நினைவிலிருந்து சொந்தமாக எழுதுவது. நடை அழகாக வரும், சந்தேகமே இல்லை:

“கெர்பாவ் ரோடு பக்கம் போனவர்கள் இந்த வண்ண வீட்டின் முன்னால் நின்று படம் எடுக்காமல் திரும்புவதில்லை. 1900ல் இதைக் கட்டியவர் டான் டெங் நியா என்ற மிட்டாய்த் தவுக்கே. தேக்காவில் மிச்சம் இருக்கும் ஒரே சீன மாளிகை இதுதான்.”

படிக்கச் சுகம். ஆனால் மூலத்தோடு வைத்துப் பாருங்கள். அவருக்குச் சொந்தமாக இருந்தது என்றுதான் மூலம் சொல்கிறது. கட்டியவர் அவர் என்று சொல்லவில்லை. “எஞ்சியவற்றில் ஒன்று” என்பது “ஒரே” ஆகிவிட்டது. எட்டு அறைகளும் 1980களும் காணாமல் போயின. முதல் வாக்கியம் முழுக்கப் புதுச் சரக்கு. எழுதியவர் பொய் சொல்ல நினைக்கவில்லை. வாக்கியம் நன்றாக ஓடினால் கை தானாகவே கூட்டிக் குறைத்துவிடும். பக்கத்தில் ஆங்கிலமும் சீனமும் மலாயும் இருக்கும் பலகையில் இது உடனே தெரியும். இரண்டு மொழி படிக்கும் பிள்ளைகளே கேட்டுவிடுவார்கள்.

ஆகவே பலகைக்கும் கையேட்டுக்கும் இரண்டாவது வழி. ஊர் சுற்றிக் காட்டுபவர் வாயால் சொல்லப் போகும் உரை என்றால் மூன்றாவதை எடுக்கலாம், அந்தத் தகவல் பட்டியலை வைத்து ஒவ்வொன்றாக டிக் அடித்துப் பார்த்த பிறகு. ஒப்பந்தம், பாதுகாப்பு எச்சரிக்கை போன்றவற்றில் வாக்கிய அமைப்பைத் தொட்டாலே பொருள் மாறும் ஆபத்து உண்டு; அங்கே முதல் வழியோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

வேலை கொடுத்தவர் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்ப்பவராக இருந்தால், உடைத்து எழுதிய பத்தியைத் தனியாக அனுப்பினால் “மூன்றாவது வரி எங்கே?” என்ற கேள்வி நிச்சயம் வரும். தகவல் பட்டியலுக்கு எண் போட்டு, எந்த எண் எந்த வாக்கியத்தில் இருக்கிறது என்று ஓரத்தில் குறித்து அனுப்புங்கள். திரைச்சீலைக்கு நேராக “தகவல் இல்லை, விட்டுவிட்டேன்” என்று எழுதிவிடுங்கள். சாலைப் பெயர்களைப் பொறுத்தவரை, தமிழில் பெயர்ப்பலகை இருந்தால் அதில் இருக்கும் எழுத்தையே வைத்துக்கொள்ளுங்கள்.