கிரெடிட் நோட் கைக்கு வந்தால் பணம் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை: கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கக் கடைக்காரர்களுக்கு

கோயம்புத்தூர் மொத்த வியாபாரியிடம் சரக்கு எடுத்து, கெட்ட சரக்கைத் திருப்பி அனுப்புகிற எல்லோரும் இதைப் படிக்க வேண்டும் என்று எழுதுகிறேன். என் பணம் 88,500 ரூபாய் இப்படித்தான் மாட்டிக்கொண்டது. வியாபாரியின் பெயரைப் போடவில்லை. அவர் செய்த முறையைத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம், ஏனென்றால் இதை யாரும் செய்யலாம்.

கொழிஞ்சாம்பாறையில் எனக்கு எலக்ட்ரிகல் கடை. 200 காயில் ஒயர் எடுத்தேன், காயில் 1,500 ரூபாய். சரக்கு மதிப்பு 3,00,000, அதன் மேல் 18 சதவீதம் ஐஜிஎஸ்டி 54,000, மொத்தம் 3,54,000. முழுப் பணத்தையும் நெஃப்டில் அனுப்பிவிட்டேன். அவருடைய ஜிஎஸ்டி பதிவு எண் தமிழ்நாட்டுக்கான 33-இல் தொடங்கும், நம்முடையது கேரளாவுக்கான 32-இல் தொடங்கும். மாநிலம் மாறுவதால் பில்லில் எஸ்ஜிஎஸ்டி, சிஜிஎஸ்டி வராது, ஐஜிஎஸ்டி மட்டும்தான்.

அதில் 50 காயிலில் மேலுறை வளைத்த இடத்திலேயே வெடித்தது. அதைத் திருப்பி அனுப்பினேன். வரியோடு சேர்த்து மதிப்பு ஐம்பதாயிரத்தைத் தாண்டியதால் இ-வே பில் போட்டுத்தான் வண்டி ஏற்றினோம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததோடு வாளையாறில் வரிச் சோதனைச் சாவடி போய்விட்டது, ஆனால் வழியில் பறக்கும் படை நிறுத்திக் கேட்பது போகவில்லை. சரக்கு அவர் குடோனுக்குப் போய்ச் சேர்ந்தது. அவரும் கிரெடிட் நோட் போட்டார்: 75,000 சரக்கு, 13,500 வரி, மொத்தம் 88,500. போனில் கேட்டால், "ரீஃபண்ட் போட்டாச்சுங்கண்ணா, நோட் வந்துருக்கும் பாருங்க" என்றார்.

இங்கேதான் எல்லாமே இருக்கிறது. கிரெடிட் நோட்டும் ரீஃபண்டும் இரண்டு தனித்தனி நடவடிக்கைகள். கணக்கில் இரண்டு தனி என்ட்ரிகள். முதலாவது, 'இவ்வளவு உனக்குத் தர வேண்டும்' என்று விற்றவர் எழுதி ஒப்புக்கொள்வது. இரண்டாவது, அதை உண்மையில் கொடுப்பது.

அவர் புத்தகத்தில் கிரெடிட் நோட் போட்டதும் விழ வேண்டிய என்ட்ரி இது:

விற்பனை திரும்பியது, டெபிட் 75,000
கொடுக்க வேண்டிய ஐஜிஎஸ்டி, டெபிட் 13,500
என் கடைக் கணக்கு, கிரெடிட் 88,500

என் புத்தகத்தில் இதற்கு நேர் எதிராக வரும். அவர் கணக்கு டெபிட் 88,500, கொள்முதல் திரும்பியது கிரெடிட் 75,000, உள்ளீட்டு வரி கிரெடிட் 13,500. பழைய பில்லுக்குப் பணம் முழுதும் கொடுத்தாயிற்று, அதனால் அவர் கணக்கில் 88,500 டெபிட் பாக்கி நிற்கும். சப்ளையர் கணக்கில் டெபிட் பாக்கி நின்றால், அவர் நமக்குத் தர வேண்டியது அவ்வளவு என்று பொருள். இதுவரை பேங்க் எங்கேயும் வரவில்லை, கவனியுங்கள்.

ரீஃபண்ட் நடந்தால்தான் பேங்க் வரும். அவர் புத்தகத்தில் என் கணக்கு டெபிட், பேங்க் கிரெடிட். என் புத்தகத்தில் பேங்க் டெபிட், அவர் கணக்கு கிரெடிட், பாக்கி பூஜ்யம். இந்த என்ட்ரி விழும்வரை ரீஃபண்ட் என்ற சொல்லுக்கு எந்த மதிப்பும் இல்லை.

இன்னொரு விஷயம் மனதை மிகவும் உறுத்துகிறது. அவர் அந்த நோட்டை ரிட்டர்னில் காட்டியதும் அவர் கட்ட வேண்டிய வரியில் 13,500 குறைந்தது. அதே நோட் என்னுடைய GSTR-2B-யில் வந்து என் உள்ளீட்டு வரியில் 13,500-ஐக் கழித்தது. அந்த மாதம் நான் கையிலிருந்து அவ்வளவு கூடுதலாக வரி கட்டினேன். சரக்கும் போனது, வரிச் சலுகையும் போனது, பணமும் வரவில்லை. அவருக்கோ சரக்கு திரும்பியது, வரியும் குறைந்தது, என் பணமும் அவரிடமே.

அப்படியானால் போர்ட்டலில் நோட்டை நிராகரித்துவிடலாமே என்று சிலர் சொன்னார்கள். 2024 அக்டோபர் முதல் இன்வாய்ஸ் மேனேஜ்மென்ட் சிஸ்டம் இருக்கிறது. அதில் வருகிற நோட்டை ஏற்கலாம், நிராகரிக்கலாம். எதுவும் செய்யாமல் விட்டால் ஏற்றதாகவே எடுத்துக்கொள்ளும். நிராகரித்தால் அவர் வரிச்சுமை மறுபடி ஏறும், அது உண்மை. ஆனால் சரக்கு நிஜமாகவே திரும்பிப் போயிருக்கும்போது அப்படிச் செய்வது தப்பு என்று சித்தூரில் என் கணக்கைப் பார்க்கிற அக்கா உறுதியாகச் சொன்னார். "ஜிஎஸ்டி சரக்கு எங்கே போச்சுன்னுதான் பார்க்கும் தம்பி, காசு எங்கே போச்சுன்னு பார்க்காது. இல்லாத சரக்குக்கு வரிச்சலுகை வெச்சிருந்தா நாளைக்கு நமக்குத்தான் நோட்டீஸ்." அவர் சொன்னது நியாயம். சரக்கே திருப்பாமல் யாராவது பொய்யாக நோட் போட்டால்தான் நிராகரிக்க வேண்டும்.

அப்புறம் அந்த அக்கா வியாபாரியிடம் என் லெட்ஜர் காப்பியைக் கேட்டு வாங்கினார். அதில் கடைசிப் பாக்கி பூஜ்யம் என்று இருந்தது. பார்த்தவுடன் யாருக்கும் பணம் வந்துவிட்டது என்றுதான் தோன்றும். அவர் மேலே போய் வரி வரியாகப் படித்தார். கிரெடிட் நோட் 88,500 கிரெடிட் பக்கம் சரியாக இருந்தது. அதற்குக் கீழே அதே தொகை டெபிட் பக்கம், விவரத்தில் 'ரீஃபண்ட் சரிக்கட்டியது'. ஆனால் வவுச்சர் வகையில் பேமென்ட் என்று இல்லை, ஜர்னல் என்று இருந்தது. எதிர்க் கணக்கு பேங்க் அல்ல, சரக்கு கொண்டுவந்து காட்டிய ஏஜெண்டின் கணக்கு. அந்த ஏஜெண்ட் அவருக்குத் தர வேண்டிய ஏதோ பாக்கியில் என் தொகையைத் தள்ளிவிட்டு, என்னிடம் ரீஃபண்ட் என்று சொல்லியிருக்கிறார். நான் எங்கேயும் அதற்குச் சம்மதம் கொடுக்கவில்லை.

ஆகவே லெட்ஜர் காப்பி கையில் வந்தால் கடைசிப் பாக்கியை மட்டும் பார்க்காதீர்கள். ரீஃபண்ட் என்று எழுதியிருக்கிற வரியின் வவுச்சர் வகை பேமென்டாக இருக்க வேண்டும், எதிரே பேங்க் பெயர் இருக்க வேண்டும், UTR எண் இருக்க வேண்டும். அந்த எண்ணை உங்கள் பேங்க் ஸ்டேட்மென்ட்டில் தேடினால் கிடைக்க வேண்டும்.

இதைப் பிடித்துக் கேட்டதும் பேச்சு மாறியது. "அடுத்த பில்லுல கழிச்சுக்கலாங்க" என்றார். அடுத்த பில்லில் கழிப்பதில் தப்பில்லை, தொடர்ந்து எடுப்பவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறோம். ஆனால் அவர் கழிக்கத் தயாராக இருந்தது ஓடாத சுவிட்ச் பெட்டிகளுக்கு மட்டும், அதுவும் கூடுதல் விலையில். மூன்று மாதத்துக்குள் எடுக்காவிட்டால் நோட் காலாவதி என்றும் சொன்னார். கிரெடிட் நோட் சலுகைக் கூப்பன் அல்ல, அது அவர் தர வேண்டிய கடன். அவர் தன்னிச்சையாக ஒரு தேதி போட்டு அதை அழிக்க முடியாது. கடன் வசூல் வழக்குக்குப் பொதுவாக மூன்று வருட கால வரம்பு, அதற்குள் அவர் பாக்கியை எழுத்தில் ஒப்புக்கொண்டால் அந்தத் தேதியிலிருந்து புதிதாக எண்ணப்படும். அதனால் நிதியாண்டு முடிவில் பாக்கி உறுதிக் கடிதத்தில் கையெழுத்து வாங்குவது வெறும் சம்பிரதாயம் அல்ல.

நுகர்வோர் நீதிமன்றம் நமக்குக் கைகொடுக்காது. மறுவிற்பனைக்கு வாங்கியவரை அங்கே நுகர்வோராக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். உரிமையியல் நீதிமன்றம்தான் வழி. அங்கேயும் பில்லின் அடியில் சின்ன எழுத்தில் 'கோயம்புத்தூர் நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது' என்று அச்சடித்திருப்பார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிற நம்மை அலைய வைப்பதற்கு அந்த ஒரு வரி போதும்.

வக்கீல் நோட்டீஸ் போன பிறகு 40,000 ரூபாய் பேங்கில் வந்தது, UTR எண்ணோடு. மீதி 48,500 இன்னும் அவர் கணக்கில் டெபிட் பாக்கியாகவே நிற்கிறது. அந்த ஜர்னல் என்ட்ரியை ரத்து செய்து திருத்திய லெட்ஜர் தர வேண்டும் என்றும் எழுத்தில் கேட்டிருக்கிறேன். திருத்தாமல் விட்டால் அவர் புத்தகப்படி எனக்கு எதுவும் பாக்கியில்லை என்றே நிற்கும். வழக்கு என்று வந்தால் அவர் முதலில் நீட்டப்போவது அந்தக் காகிதத்தைத்தான்.