50 பாஸ்கல் எண்ணிலிருந்து வெப்பச் சுமைக்கு: மூன்று வழிகள், மூன்று விடைகள்

வாசலில் விசிறி பொருத்தி வீட்டின் கசிவை அளக்கும் ஊதுவிசிறிச் சோதனை தருவது 50 பாஸ்கல் அழுத்தத்தில் கசியும் காற்றின் அளவு. ஹீட்டர், ஏசி அளவைக் கணக்கிட வேண்டியதோ கடுங்குளிர் நாளில் தானாக உள்ளே புகும் காற்று. முதலாவதை இரண்டாவதாக மாற்றும் வழியில்தான் விடை பல மடங்கு வேறுபடுகிறது.

சிகாகோ போன்ற குளிர் ஊரில், சுற்றிலும் கட்டடங்கள் உள்ள இரண்டு மாடி வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு 400 கன மீட்டர். சோதனையில் மணிக்கு 2000 கன மீட்டர், அதாவது வீட்டுக் காற்று மணிக்கு ஐந்து முறை மாறும், ACH50 = 5. அழுத்தம் மாறும்போது கசிவு எப்படி மாறும் என்பதைக் காட்டும் அடுக்கெண் n = 0.65. உள்ளும் வெளியும் 40 டிகிரி வித்தியாசம், காற்று வேகம் 5 மீ/வி.

முதல் வழி 20ஆல் வகுப்பது. மணிக்கு 100 கன மீட்டர்; காற்றின் வெப்பக் கொள்ளளவுக்கான 0.33ஐச் சேர்த்தால் 0.33 × 100 × 40 = சுமார் 1,320 வாட். இது பருவ சராசரிக்கான விதி. ஆண்டு மின்செலவை மதிப்பிடப் போதும், உச்சச் சுமைக்குப் போதாது.

இரண்டாவது, 4 பாஸ்கலில் வரும் ஓட்டத்தை அப்படியே சுமையாக வைப்பது. 2000 × (4/50)^0.65 = 387 கன மீட்டர்; சுமை 5,100 வாட் அளவுக்குப் போகிறது. எல்லா விரிசலிலும் ஒரே நேரத்தில் 4 பாஸ்கல் உள்நோக்கி அழுத்துவதாக இது எண்ணுகிறது. குளிர்காலத்தில் நடப்பது வேறு: கீழ்ப்பாதியில் காற்று நுழைகிறது, மேல்பாதியில் வெளியேறுகிறது.

மூன்றாவது, அந்த 387ஐக் கசிவுப் பரப்பாக்கி (417 ச.செ.மீ.), வெப்ப வித்தியாசத்தையும் காற்று வேகத்தையும் சேர்க்கும் ஆஷ்ரே அடிப்படைச் சூத்திரம். இதில் A கசிவுப் பரப்பு, Δt வெப்ப வித்தியாசம், U காற்று வேகம்; Cs, Cw இரண்டும் வீட்டின் உயரத்தையும் சுற்றுப்புறத்தையும் பொறுத்த எண்கள்:

```
Q = (A/1000) × √(Cs·Δt + Cw·U²)
  = 0.417 × √(0.000290×40 + 0.000137×25)
  = 0.051 m³/s
```

மணிக்கு 184 கன மீட்டர், 2,430 வாட். குளிர்கால வடிவமைப்புக்கு நான் தேர்வது இதைத்தான். வர்க்கமூலக் குறிக்குள் உள்ள இரண்டு உறுப்புகளில் வெப்ப வித்தியாசத்தின் பங்கு மூன்று மடங்குக்கும் மேல் என்பதைப் பாருங்கள். அந்த நாளில் வீட்டின் உயரமே கசிவை ஆட்டுவிக்கிறது.

கோடையில் 9 டிகிரி, 3.5 மீ/வி என்று போட்டால் அதே சூத்திரம் 98 கன மீட்டர் தருகிறது, ஏறக்குறைய 20ஆல் வகுத்த விடை. ஆனால் ஈரப்பதத்தை விட்டுவிடக்கூடாது: கிலோவுக்கு 7 கிராம் வித்தியாசம் இருந்தால் ஈரச்சுமை 570 வாட், வெப்பச்சுமையோ 290தான்.

எந்தச் சூத்திரமானாலும் n சரியாக இருக்க வேண்டும். 50 பாஸ்கலில் ஒரே புள்ளி எடுத்தால் n வெறும் ஊகம், 0.60 ஆனால் 4 பாஸ்கல் ஓட்டம் 439, 0.70 ஆனால் 341. விசிறியை மூடி அடிப்படை அழுத்தத்தைக் குறித்துவிட்டு, 10 முதல் 60 பாஸ்கல் வரை பல புள்ளிகள் எடுங்கள். உறிஞ்சியும் ஊதியும் இரு திசையிலும் அளந்து பாருங்கள். ஊதும்போது மட்டும் கசிவு எகிறினால் குளியலறை, சமையலறை விசிறிகளின் மடிப்புத் தகடுகள் திறந்துகொண்டதா என்று பாருங்கள். n 0.5க்குக் கீழோ 1க்கு மேலோ வந்தால் சோதனையின் நடுவே காற்று வீசியிருக்கும், இல்லையேல் ஏதோ ஒன்று திறந்திருக்கும். அந்த எண்ணைச் சூத்திரத்தில் இடாமல் மறுபடி அளக்க வேண்டும்.