‘ரெகவரி’ டப்பா வாங்கும் முன்: குளுட்டமின், கார்னிடின், எச்எம்பி

என் தம்பி கோயம்புத்தூரில் சேர்ந்த ஜிம்மில், முதல் வாரத்துக் கால்வலியைக் காட்டியே அவனிடம் 4,200 ரூபாய்க்கு ஒரு ‘ரெகவரி’ பவுடர் விற்றிருக்கிறார்கள். குளுட்டமின், கார்னிடின், எச்எம்பி என்ற மூன்று துணைச்சத்துகளும் அதில் இருப்பதாகவும், சைவம் உண்பவனுக்கு இவை இல்லாமல் தசை தேறாது என்றும் பயிற்றுநர் சொல்லியிருக்கிறார். வலிப்பு உண்டா, சிறுநீரகக் கோளாறு உண்டா, வேறு மருந்து எடுக்கிறாயா என்று எதையும் அவர் கேட்கவில்லை. இதே பேச்சைக் கேட்டுப் பணம் கொடுக்கவிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

டப்பாவின் லேபிளில் மூன்றின் பெயரும் இருந்தன. எது எத்தனை கிராம் என்பது மட்டும் இல்லை. ஒரு ஸ்கூப் 7 கிராம், நாளொன்றுக்கு ஒரு ஸ்கூப், அதற்குள் ‘ரெகவரி பிளெண்ட்’ 5 கிராம் என்று மொத்தமாகப் போட்டிருந்தார்கள். ஆய்வுகளில் எச்எம்பி வழக்கமாக நாளொன்றுக்கு 3 கிராமும், கார்னிடின் ஏறத்தாழ 2 கிராமும் கொடுக்கப்படுகின்றன. இவ்விரண்டையும் அந்த அளவில் போட்டாலே 5 கிராம் தீர்ந்துவிடும், குளுட்டமினுக்கு இடமே இராது. ஆகவே மூன்றில் ஒன்றாவது பெயருக்குத்தான் சேர்க்கப்பட்டிருக்கிறது.

சரியான அளவில் இருந்தால் மட்டும் பயன் உண்டா என்றால், அதற்கும் சான்று மெலிந்ததே. புரதத்தின் கட்டுமான அலகுகளான அமினோ அமிலங்களில், தசையில் தனித்து உலவுபவற்றில் பெரும்பங்கு குளுட்டமின்தான் என்று பயிற்றுநர் சொன்னது உண்மை; ஆனால் வாய்வழி உண்ணும் குளுட்டமினில் பெரும்பகுதியைக் குடலும் கல்லீரலுமே எடுத்துக்கொள்வதால் தசைக்குப் போய்ச் சேர்வது சொற்பம். 2001இல் வெளியான ஒரு கனடிய ஆய்வில், எடைப்பயிற்சி செய்த இளைஞர்களுக்கு, கொழுப்பு நீங்கிய உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.9 கிராம் வீதம், அதாவது 50 கிலோ கணக்குக்கு நாளொன்றுக்கு 45 கிராம், ஆறு வாரம் கொடுத்தும் வலிமையிலோ தசையிலோ வேறுபாடு தெரியவில்லை.

கார்னிடினை நம் உடலே லைசின், மெத்தியோனின் என்ற அமினோ அமிலங்களிலிருந்து தயாரித்துக்கொள்கிறது. சைவ உணவினரின் உடலும் அப்படியே. மாத்திரையாகவோ பவுடராகவோ உண்பதில் ஐந்தில் ஒரு பங்குகூட உடலில் சேர்வதில்லை. ஓர் ஆய்வில் தசைக் கார்னிடின் உயர்ந்தது உண்மைதான், ஆனால் அதற்கு 2 கிராம் கார்னிடின் சேர்மத்துடன் 80 கிராம் மாவுச்சத்தையும் சேர்த்து நாளுக்கு இருமுறை, 24 வாரம் தரவேண்டியிருந்தது. ஒரு ஸ்கூப்பைத் தண்ணீரில் கலக்கிக் குடிப்பது அதற்கு ஈடாகாது.

மூன்றில் எச்எம்பிக்குத்தான் சற்றேனும் வாதம் உண்டு. லூசின் என்ற அமினோ அமிலத்தில் சுமார் 5 விழுக்காடு உடலில் இதுவாக மாறுகிறது. பயிற்சிக்குப் புதியவர்களிடம் தொடக்க வாரங்களில் தசைச்சேதம் ஓரளவு குறைவதாகச் சில ஆய்வுகள் காட்டின. பழகியவர்களிடம் அந்தப் பலன் பெரும்பாலும் தென்படவில்லை. புதிதாகப் பயிற்சி செய்பவரின் தசைவலி எதுவும் உண்ணாவிட்டாலும் சில நாள்களில் தானாகத் தணியும். டப்பா வாங்கிய வாரத்தில் வலி குறைந்ததும் தம்பி அதைப் பவுடரின் பலன் என்று நம்பியது இதனால்தான், இந்த விற்பனை நிலைத்து நிற்பதும் இதனால்தான்.

இவை பொருந்தக்கூடியவர்கள் ஜிம்முக்கு வெளியே இருக்கிறார்கள். படுக்கையில் கிடக்கும் முதியவரின் தசை கரைவதை எச்எம்பி தடுக்கக்கூடும் என்பதற்குச் சிறிய ஆய்வொன்றில் சான்று உண்டு. புரதம் போதுமான அளவு கிடைத்தபின் மருத்துவரிடம் இதைக் கேட்கலாம். டயாலிசிஸ் செய்துகொள்பவருக்குக் கார்னிடின் குறைவு உறுதியானால் சிறுநீரக மருத்துவர் அதைத் தருவதுண்டு. சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் வளையும் பரம்பரை இரத்த நோயான அரிவாள் செல் நோய்க்கு, நீலகிரிப் பழங்குடியினரிடமும் காணப்படும் அந்த நோய்க்கு, குளுட்டமின் 2017இல் அமெரிக்காவில் மருந்தாகவே அனுமதி பெற்றது. அது எடைக்கேற்ப அளவிட்டு மருத்துவர் தருவது, இந்த டப்பா அன்று. மறுபுறம், பல உறுப்புகள் செயலிழந்து வென்டிலேட்டரில் இருந்த நோயாளிகளுக்கு அதிக அளவில் குளுட்டமின் கொடுத்த ஆய்வில் இறப்பு கூடியது என்று 2013இல் வெளியானது. ஆகவே மருத்துவமனையில் இருப்பவருக்கு ‘உடம்பு தேறட்டும்’ என்று நாமாக வாங்கித் தரக் கூடாது. கார்னிடின், வலிப்புள்ளவருக்கு வலிப்பைக் கூட்டக்கூடும்; வார்ஃபரின் போன்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்தின் வேலையையும் அது மாற்றக்கூடும்.

டப்பாவைத் திருப்பக் கேட்டபோது, சீல் உடைந்துவிட்டது என்று ஜிம்மில் மறுத்துவிட்டார்கள், ரசீதும் தரவில்லை. நீங்கள் வாங்க நேர்ந்தால் ஒவ்வொரு பொருளின் கிராம் அளவும், இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் 14 இலக்க உரிம எண்ணும் லேபிளில் உள்ளனவா என்று சீலை உடைக்கும் முன்பே பாருங்கள், ரசீதைக் கேட்டு வாங்குங்கள். ஏமாற்றப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முறையிடலாம். நாங்களும் பணம் செலுத்திய யூபிஐ பதிவையும் லேபிளின் படத்தையும் வைத்து அங்கு முறையிட்டிருக்கிறோம்.