100 மி.மீ. கைமரத்துக்குள் ஃபோம் போர்டு: சில குளிர்காலங்களுக்குப் பிறகு

எங்கள் பரண் அறையின் கைமரங்கள் 100 மி.மீ. ஆழம்தான். ஓட்டுக்கு அடியில் இருப்பது பழைய தார் விரிப்பு, நீராவியை வெளியே விடாத வகை. இந்த மாதிரிக் கூரையில் 100 மி.மீ. முழுவதையும் வெப்பம் தடுக்கும் ஃபோம் போர்டால் அடைத்துவிடத்தான் கை பரபரக்கும். தயவுசெய்து அடைக்காதீர்கள். அறைக்காற்று 20 டிகிரியில் 60 சதவீத ஈரப்பதத்தோடு இருந்தால், 12 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் அது வியர்க்கும். குளிர்கால இரவில் தார் விரிப்பு அதைவிட வெகுவாகக் குளிர்ந்துவிடும்.

அதனால் விரிப்புக்குக் கீழே 50 மி.மீ. காற்று இடைவெளி விட்டோம். மிச்சமுள்ள 50 மி.மீ.யில் அலுமினியத் தாள் ஒட்டிய பிஐஆர் வகை ஃபோம் போர்டு. கைமரங்களுக்கு அடியில் குறுக்காக, தொடர்ச்சியாக, இன்னொரு 60 மி.மீ. போர்டு. இந்த இரண்டாம் அடுக்கை விட்டுவிடக் கூடாது. மரம் இந்த போர்டைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு வெப்பத்தைக் கடத்தும். கைமரங்கள் வழியே போகும் சூட்டைத் தடுப்பது இந்த அடுக்குதான்.

இடைவெளி நிலைத்து நிற்க, கைமரத்தின் பக்கவாட்டில் மெல்லிய ரீப்பர் அடித்தோம். போர்டு அதில் முட்டி நிற்கும், மேலே ஏறாது. விரிப்பு நடுவில் தொய்ந்திருக்கும் என்பதால் தொய்வின் அடியிலிருந்து அளக்க வேண்டும். கீழே இறவாணத்திலும் மேலே முகட்டிலும் காற்று வழி திறந்திருந்தால்தான் இந்த இடைவெளிக்குப் பயன் உண்டு.

போர்டை ஒரு விரல் இடம் விட்டு வெட்டி, விளிம்பில் வளைந்து கொடுக்கும் ஃபோம் அடித்தோம். இறுக்கி நுழைத்தால் மரம் சுருங்கும்போது பிளவு விழும். கீழடுக்கின் எல்லா இணைப்புகளுக்கும் அலுமினிய டேப். அப்புறம் 25 மி.மீ. ரீப்பர், அதன்மேல் ஜிப்சம் போர்டு. ஒயர்கள் அந்த 25 மி.மீ.க்குள்ளேயே ஓடுகின்றன, தாளை எங்கும் துளைக்கவில்லை. குழிவிளக்குகள் வைக்காததும் இதற்காகத்தான்.

குளிர் கடுமையான காலைகளில் பக்கச் சுவரின் சிறு கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்ப்பேன். ஓட்டு ஆணிகளின் முனையில்தான் முதல் துளி நிற்கும். துருப் புள்ளியும் அங்கேதான் தொடங்கும். கூரை நெடுகக் காய்ந்திருந்தது. முக்கோணச் சுவரை ஒட்டிய ஓரத்தில் மட்டும் சில முனைகள் ஈரமாயின. செங்கல்மீது டேப் பிடிக்கவில்லை, அந்த விரிசல் வழியே அறைக்காற்று மேலே போயிருக்கிறது. டேப்பை உரித்து, சுவரைத் துடைத்து, ரப்பர் போல இழுபடும் சீலன்ட் வைத்த பிறகு அந்த ஓரமும் காய்ந்துவிட்டது. மரத்தின் ஈரம் மீட்டரில் 20 சதவீதத்துக்குக் கீழேயே இருக்கிறது.

உட்கூரை கிட்டத்தட்ட 100 மி.மீ. இறங்கியது, சாய்வின் ஓரத்தில் தலை இடிக்கும். மழைச் சத்தம் கொஞ்சமும் குறையவில்லை, இந்த போர்டிடம் அதை எதிர்பார்க்க முடியாது.