பிடிஎஃப்-ஐ மட்டும் பார்த்துச் சுருக்கம் எழுதாதீர்கள்: அனிமேஷன் பேனின் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

பவர்பாயின்ட் கோப்பு ஒன்றைச் சுருக்கி எழுதும்போது எந்த அனிமேஷனைக் குறிப்பிட வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதை முடிவுசெய்ய, ஸ்லைடின் அசைவுகளை வரிசையாகப் பட்டியலிடும் அனிமேஷன் பேன் எவ்வளவு தூரம் உதவும்? பலவகைக் கோப்புகளில் தொடர்ந்து பயன்படுத்தியதில் தெரிந்தது இது: சந்தேகப்பட வேண்டிய ஸ்லைடு எது என்பதைப் பேன் நன்றாகக் காட்டிக்கொடுக்கும். தீர்ப்பை மட்டும் அது சொல்லாது.

முதலில் பிடிஎஃப் ஏன் போதாது என்று பார்த்துவிடலாம். பிடிஎஃப் ஆக்கும்போது ஸ்லைடின் கடைசி நிலை பதிவாகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் பதிவாவது எடிட் செய்யும் திரையில் தெரியும் நிலை. வெளியேற வேண்டிய பெட்டி வெளியேறாமல் நிற்கும். இடம் மாற வேண்டிய படம் பழைய இடத்திலேயே இருக்கும். நிறம் மாற வேண்டியது மாறியிருக்காது. அதாவது, பார்வையாளர் எந்த நொடியிலும் பார்த்திராத ஒரு படம் உங்கள் கையில் இருக்கும். ஆப்பிளின் கீநோட்டில் பிடிஎஃப் ஏற்றுமதியின்போது, படிப்படியாக விரியும் பில்டின் ஒவ்வொரு கட்டத்தையும் தனிப் பக்கமாக எடுக்கும் வசதி உண்டு. பவர்பாயின்ட் தரும் வழக்கமான பிடிஎஃப்-இல் அது கிடையாது.

அனிமேஷன் பேனைத் திறந்ததும் நிறத்தைப் பாருங்கள். பச்சை நட்சத்திரம் உள்ளே வருவது, மஞ்சள் இருக்கும் இடத்திலேயே அழுத்தம் தருவது, சிவப்பு வெளியேறுவது. நகர்வுப் பாதைகளுக்குக் கோடு போன்ற குறி. பச்சை மட்டும் உள்ள ஸ்லைடில் பெரும்பாலும் பொருள் இழப்பு இல்லை, ஏனென்றால் வந்தவை எல்லாம் பிடிஎஃப்-இலும் இருக்கின்றன. சிவப்பு ஒன்று இருந்தாலும் அந்த ஸ்லைடை ஓட்டித்தான் பார்க்க வேண்டும். நீண்ட கோப்பில் நேரம் மிச்சப்படுத்தும் முதல் வடிகட்டி இதுதான்.

ஓட்டிப் பார்க்கும் முறை எளிது. அந்த ஸ்லைடில் நின்று Shift+F5 அழுத்துங்கள். ஒவ்வொரு கிளிக்குக்கும் முன்னும் பின்னும் திரை என்ன சொல்கிறது என்று ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். இரண்டு வாக்கியமும் ஒன்றேயானால், அல்லது பின்னது முன்னதோடு இன்னொரு வரியைச் சேர்ப்பதோடு நின்றால், அந்த அசைவு சுருக்கத்துக்குத் தேவையில்லை. முன்னதைப் பின்னது மறுத்தாலோ திருத்தினாலோ அதற்குப் பதில் சொன்னாலோ, அது உள்ளடக்கம். எழுதியே ஆக வேண்டும்.

ஒரு மாதிரி ஸ்லைடை எடுத்துக்கொள்வோம். கொள்முதல் நடைமுறையைக் காட்டும் ஐந்து பெட்டிகள்: விண்ணப்பம், மேற்பார்வையாளர் ஒப்புதல், கணக்குச் சரிபார்ப்பு, மேலாளர் ஒப்புதல், கொள்முதல். இடையே நான்கு அம்புகள், மூலையில் "12 நாள்". பேனில் 22 வரிகள் இருக்கின்றன, ஆனால் கிளிக் ஆறுதான். மற்றவை With Previous அல்லது After Previous என்று முந்தையதோடு ஒட்டி ஓடுபவை. எனவே வரிகளை எண்ணி மிரள வேண்டாம், கிளிக்கை எண்ணுங்கள்.

முதல் கிளிக்கில் பெட்டிகளும் அம்புகளும் ஒவ்வொன்றாக வருகின்றன. இரண்டாவதில் இரண்டு ஒப்புதல் பெட்டிகளும் சிவப்பாகின்றன. மூன்றாவதில் அவையும் பழைய அம்புகளும் மறைகின்றன. நான்காவதில் மிஞ்சிய மூன்று பெட்டிகளை இணைக்கும் இரண்டு புதிய அம்புகள் வருகின்றன. ஐந்தாவதில் "12 நாள்" மறைந்து அதே இடத்தில் "7 நாள்" தோன்றுகிறது. ஆறாவதில் ஒரு டிக் குறி துள்ளிக்கொண்டு வந்து உட்காருகிறது.

பிடிஎஃப்-ஐ மட்டும் பார்த்தவர் "கொள்முதலில் ஐந்து படிகள் உள்ளன" என்று எழுதுவார். ஸ்லைடு சொல்ல வந்ததோ அந்த ஐந்தில் இரண்டு வேண்டாம் என்பது. அதிலும் உரையை மட்டும் பிரித்தெடுத்தால் "12 நாள் 7 நாள்" என்று அடுத்தடுத்து வந்து நிற்கும். எது பழையது, எது புதியது என்பதற்குத் தடயமே இராது. ஒரே இடத்தில் இரண்டு உரைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருப்பதைக் கண்டால், அங்கே ஒரு மாற்றீடு ஒளிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இதற்கான சுருக்கம் இப்படி அமையும்: "இப்போதைய ஐந்து படிகளிலிருந்து மேற்பார்வையாளர், மேலாளர் ஒப்புதல்களை நீக்கி, மற்ற மூன்றையும் நேரடியாக இணைக்க முன்மொழிகிறது, காலம் 12 நாளிலிருந்து 7 நாளாகக் குறையும்." முதல் கிளிக்கும் ஆறாவதும் போய்விட்டன. சிவப்பாவதும் தனியாக வரவில்லை, அது நீக்கத்துக்கான முன்னறிவிப்பு மட்டுமே. அந்தப் பெட்டிகள் சிவப்பானதோடு நின்று மறையாமல் இருந்திருந்தால், "இந்த இரண்டும் சிக்கலான படிகள்" என்று எழுத வேண்டியிருக்கும். எஃபெக்டின் பெயர் எங்குமே வரவில்லை என்பதையும் கவனியுங்கள். "மங்கி மறைந்தது", "பறந்து வந்தது" என்று எழுதினால் வாசிப்பவருக்கு அசைவு தெரியும், விஷயம் தெரியாது.

பச்சையிலும் இரண்டு விதிவிலக்குகள் உண்டு. ஒன்று, வரிசை கிளிக்கில் மட்டும் இருக்கும் படம்: எண்ணும் அம்பும் இல்லாத வட்டப்படத்தில் எது முதல் என்பதைக் கிளிக்தான் சொல்கிறது. பெட்டிகளில் 1, 2, 3 என்று எழுதியிருந்தால் கவலையில்லை. இன்னொன்று சார்ட். Effect Options-இல் By Series தேர்ந்தெடுத்திருந்தால், திட்டமிட்ட செலவுக் கோடு முதலில் தனியாக வந்து, உண்மைச் செலவுக் கோடு அடுத்த கிளிக்கில் வரலாம். அங்கே ஒப்பீடுதான் செய்தி. இரண்டு கோடுகளுக்கும் சம இடம் கொடுக்காமல் இடைவெளியை எழுதுங்கள். ஆனால் By Category என்று மாதம் மாதமாக வருவது பெரும்பாலும் வேகத்தைக் கட்டுப்படுத்த மட்டுமே. பேச்சாளர் குறிப்புகளில் "கிளிக்" என்று எழுதி, அதற்கு முன் ஒரு கேள்வியும் வைத்திருந்தால், அந்தக் கிளிக் உள்ளடக்கம்தான் என்பதில் சந்தேகமில்லை.

ஒரு ஸ்லைடிலிருந்து அடுத்ததற்கு மாறும்போது வரும் டிரான்சிஷனில் Morph ஒன்றைத்தான் அநேகமாகத் தேட வேண்டும். அது இரண்டு ஸ்லைடுகளிலும் உள்ள ஒரே பொருளை இணைத்து நகர்த்துவதால், அந்த இரண்டையும் தனித்தனியாகச் சுருக்கினால் "இங்கிருந்து அங்கே" என்பது தொலைந்துவிடும். ஒரே வாக்கியத்தில் சேர்த்துவிடுங்கள். Fade, Push போன்றவை கோப்பு முழுக்க ஒரே மாதிரி இருந்தால் அலங்காரம், தாண்டிப் போகலாம்.

ஸ்லைடு நூற்றைத் தாண்டினால் ஒவ்வொன்றாகப் பேனைத் திறப்பது சலிப்பு. pptx கோப்பு உள்ளுக்குள் ஒரு ஜிப் என்பதால், slide7 என்பதில் உள்ள எண்ணை மாற்றி மாற்றி இப்படி எண்ணிவிடலாம்:

```
unzip -p deck.pptx ppt/slides/slide7.xml |
  grep -o 'presetClass="[a-z]*"' | sort | uniq -c
```

மேலே சொன்ன ஸ்லைடுக்கு entr 13, exit 7, emph 2 என்று வரும். entr என்பது பச்சை, exit சிவப்பு, emph மஞ்சள், path நகர்வுப் பாதை. exit, path இருப்பவற்றை முதலில் எடுங்கள். emph இருப்பதில் பாதி, லோகோ துடிப்பது போன்ற வெட்டி வேலையாக இருக்கும், ஆனாலும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ஸ்லைடுகளை நகல் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு வரி கூட்டிச் செய்த பில்டை இந்தக் கட்டளை பிடிக்காது. அங்கே அனிமேஷனே இல்லை. அடுத்தடுத்து ஒரே தலைப்பு வருகிறதா என்று பார்த்து அவற்றை ஒரே ஸ்லைடாகக் கொள்ள வேண்டும். slide7.xml என்பது ஏழாவது ஸ்லைடுதான் என்றும் நம்பிவிடாதீர்கள். வரிசை மாற்றப்பட்ட கோப்புகளில் எண் பொருந்தாது; உண்மையான வரிசை ppt/presentation.xml-இல் sldIdLst பகுதியில் இருக்கிறது.